சிஏ இன்டர்: 284 மார்க், ஒரு எக்ஸெம்ப்ஷன். ஜனவரியில் ஒரு குரூப்பா, இரண்டுமா?

ரப்பர்ஷீட் (கருங்கல்) | 4 நவம்பர் 2025, இரவு 9:10

நேற்று ரிசல்ட் வந்தது. செப்டம்பரில் இரண்டு குரூப்பும் சேர்த்து எழுதினேன். இரண்டும் போச்சு.

முதல் குரூப்: அட்வான்ஸ்டு அக்கவுண்டிங் 62, லா 41, டாக்ஸ் 36. மொத்தம் 139.
இரண்டாம் குரூப்: காஸ்டிங் 45, ஆடிட்டிங் 52, எஃப்எம்-எஸ்எம் 48. மொத்தம் 145.

இரண்டாம் குரூப்பில் எல்லா பேப்பரும் 40-க்கு மேலே இருந்தும், குரூப் பாஸாக மொத்தம் வேண்டிய 150-க்கு 5 மார்க் குறைஞ்சு போச்சு. அதைத்தான் வீட்டில் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. "எல்லாத்திலயும் பாஸ் மார்க் இருக்கே, பின்ன எப்படி தோத்தே?" என்று அப்பா கேட்கிறார்.

அக்கவுண்ட்ஸில் 60-ஐத் தாண்டி 62 இருப்பதால் எக்ஸெம்ப்ஷன் கிடைக்கும், அந்தப் பேப்பரை இப்போது திரும்ப எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். ஜனவரி ஃபார்ம் திறந்தாச்சு. ஒரு குரூப்புக்கு 1500 ரூபாய், இரண்டுக்கும் 2700. பணம் பெரிய விஷயமில்லை. இருக்கிற நாளில் ஐந்து பேப்பர் முடியுமா என்பதுதான் கேள்வி. காலையில் 5 முதல் 8 வரை அப்பாவுடன் ரப்பர் வெட்டு, பால் எடுப்பு, ஷீட் அடிப்பு. மழை நாளில் அது இருக்காது. மீதி நேரம் முழுக்கப் படிப்புதான்.

---

குளச்சல்காற்று | 4 நவம்பர், இரவு 9:48

மக்கா, ஒரு குரூப் மட்டும் போடு. நானும் செப்டம்பர்தான், எனக்கும் போச்சு. ரெண்டு குரூப்பும் போட்டதுதான் தப்புன்னு இப்போ தெரியுது. இன்னொரு வழியும் இருக்கு. லாவை விட்டுரு, அந்தப் பேப்பருக்குப் போகவே வேண்டாம். டாக்ஸ் ஒண்ணை மட்டும் நல்லா படிச்சு 60 எடுத்தா அதுக்கும் எக்ஸெம்ப்ஷன். மே மாசம் லா மட்டும் எழுதினா போதும்.

---

தக்கலை பழைய ஆர்ட்டிக்கிள் | 4 நவம்பர், இரவு 10:20

தம்பி, அவசரப்படாதே. நாங்க எழுதின காலத்தில மே, நவம்பர்னு வருஷத்துக்கு ரெண்டே பரீட்சை. நான் முதல் குரூப் முடிச்சதும் ஆர்ட்டிக்கிள்ஷிப்பில சேர்ந்துட்டேன். ஆபீசுக்குப் போய்க்கிட்டே ரெண்டாவது குரூப்பை எழுதினேன். எக்ஸெம்ப்ஷன் மூணு அட்டெம்ப்ட் நிக்கும். ஜனவரியை விட்டுட்டு மே மாசம் நிதானமா எழுது. முதல் குரூப்பை முடிச்சு ஒரு ஆடிட்டரிடம் சேர்ந்துக்கோ. ஆபீஸ் வேலை பார்த்தா டாக்ஸ் தானா வரும்.

---

சுசீந்திரம் அக்கா | 5 நவம்பர், காலை 6:35

நான் சிஏ முடித்து எட்டு வருஷம் ஆகிறது. இன்டர் பிள்ளைகளோடு தினமும் பேசுகிறேன். முதலில் மேலே சொன்ன இரண்டு விஷயத்தைத் திருத்திவிடுகிறேன். இல்லையென்றால் தம்பி அதை நம்பி ஃபார்ம் போட்டுவிடுவான்.

அண்ணாச்சி சொல்வது பழைய ஸ்கீம். இப்போது இரண்டு குரூப்பும் முடித்த பிறகுதான் ஆர்ட்டிக்கிள்ஷிப். அது மூன்று வருஷத்திலிருந்து இரண்டாகக் குறைந்தபோதே இந்த நிபந்தனையும் வந்தது. அதனால் "ஒரு குரூப் முடித்தால் வேலையில் சேரலாம்" என்ற லாபம் இப்போது இல்லை.

மூன்று அட்டெம்ப்ட் என்பது சரி. ஆனால் அண்ணாச்சி காலத்தில் அது ஒன்றரை வருஷம். இப்போது ஜனவரி, மே, செப்டம்பர் என்று வருஷத்துக்கு மூன்று பரீட்சை நடப்பதால் அதே மூன்று அட்டெம்ப்ட் ஒரே வருஷத்தில் தீர்ந்துவிடும். நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் கணக்கு ஓடும். உன் 62 நிற்பது ஜனவரி 2026, மே 2026, செப்டம்பர் 2026 வரை. ஜனவரியை விட்டால் மூன்றில் ஒன்று போச்சு.

குளச்சல் தம்பி சொன்னது ஆபத்து. குரூப்பில் உள்ள எல்லாப் பேப்பருக்கும் ஹாலில் போய் உட்கார்ந்தால்தான் 60 எடுத்த பேப்பருக்கு எக்ஸெம்ப்ஷன். லாவுக்குப் போகாமல் இருந்துவிட்டு டாக்ஸில் 75 எடுத்தாலும் அது வீண்.

இனி உன் கணக்கு. 62-ஐ கையில் வைத்துக்கொண்டு மூன்று விதமாக எழுதிப் பார்.

முதல் குரூப் மட்டும் என்றால் 150-இல் 62 போக 88 வேண்டும், லாவும் டாக்ஸும் சேர்த்து. போன முறை அந்த இரண்டிலும் 77 எடுத்திருக்கிறாய். இன்னும் 11.

இரண்டாம் குரூப் மட்டும் என்றால் இன்னும் 5. பார்க்க இதுதான் லேசு.

இரண்டும் சேர்த்து என்றால் 300-இல் 62 போக ஐந்து பேப்பரில் 238. போன முறை அந்த ஐந்தில் 222. இன்னும் 16, அதில் 4 டாக்ஸில் கட்டாயம் வர வேண்டும்.

16 பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் அது ஐந்து பேப்பரில் பரவிக் கிடக்கிறது. பேப்பருக்கு மூணு மார்க் சொச்சம். இரண்டும் சேர்த்து எழுதும்போது ஒரு குரூப் 150-ஐத் தாண்டி மிஞ்சினால், அந்த மிச்சம் மற்ற குரூப்பின் குறையை நிரப்பும். எல்லாப் பேப்பரும் 40, மொத்தம் 300 என்றால் இரண்டு குரூப்பும் பாஸ். ஒரு குரூப் மட்டும் எழுதினால் இந்தக் கைமாற்று கிடையாது. இரண்டும் எழுதி ஒன்று மட்டும் 150 தாண்டினாலும் அந்தக் குரூப் பாஸ்தான். ஆக, விதிப்படி பார்த்தால் இரண்டும் எழுதுவதில் நஷ்டமே இல்லை. நஷ்டம் வந்தால் அது நாள் போதாமல்தான் வரும்.

அதனால் ஒன்று சொல்லு. போன எட்டு மாசத்தில் எந்தப் பேப்பரை எப்போது படித்தாய்? டாக்ஸில் 36 எப்படி வந்தது?

---

குளச்சல்காற்று | 5 நவம்பர், காலை 8:02

சரிக்கா, போகாம இருக்கக் கூடாதுன்னு ஒத்துக்கறேன். போய் உக்காந்து, தெரிஞ்சதை எழுதிட்டு வந்தா? அப்பவும் டாக்ஸ் 60-க்கு எக்ஸெம்ப்ஷன் உண்டுதானே?

---

சுசீந்திரம் அக்கா | 5 நவம்பர், காலை 8:15

விதிப்படி உண்டு. ஆனால் 36 எடுத்தவன் 60 எடுக்கப் படிக்கும் நேரத்தில், அதே டாக்ஸில் 45-ம் லாவில் 44-ம் எடுத்துவிடலாம். 62-உடன் சேர்த்தால் 151, குரூப்பே முடிந்துவிடும். எக்ஸெம்ப்ஷனைத் துரத்துவது எல்லாப் பேப்பரிலும் பலவீனமாக இருப்பவனுக்குச் சரியாக இருக்கலாம். இவனுக்கு இல்லை.

---

ரப்பர்ஷீட் | 5 நவம்பர், மதியம் 1:40

அக்கா, உண்மையைச் சொல்லுதேன். ஜனவரியிலிருந்து மே வரை அக்கவுண்ட்ஸும் காஸ்டிங்கும்தான். அக்கவுண்ட்ஸ் பிடித்திருந்தது, விட மனசு வரவில்லை. ஜூனில் டாக்ஸ். ஜூலையில் லாவும் எஃப்எம்மும். ஆடிட்டிங் கடைசி 12 நாளில் படித்தது. ஜூனில் படித்த டாக்ஸை ஆகஸ்ட் கடைசியில் திறந்தபோது புதுசு மாதிரி இருந்தது.

பரீட்சையில் நடந்தது இது. மொத்த வருமானம் கணக்கிடும் முதல் கேள்வியில் பழைய வரிமுறையில் ஒரு தடவை, புதியதில் ஒரு தடவை என்று இரண்டும் போட்டேன். வெளியே வந்து பார்த்தால் டிஃபால்ட் முறையில், அதாவது 115பிஏசி-யில் மட்டும்தான் கேட்டிருந்தது. அதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் போச்சு. கடைசியில் ஜிஎஸ்டியில் ஒரு கேள்வியைத் தொடவே இல்லை. எம்சிக்யூவில் சந்தேகமான மூன்றை விட்டுவிட்டேன். நெகட்டிவ் மார்க் பயம்.

---

சுசீந்திரம் அக்கா | 5 நவம்பர், இரவு 8:50

தம்பி, இன்டரில் நெகட்டிவ் மார்க் கிடையாது! ஃபவுண்டேஷனில் மூன்றாவது, நாலாவது பேப்பரில் தப்புக்குக் கால் மார்க் வெட்டுவார்கள். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டு வந்துவிட்டாய். ஒவ்வொரு பேப்பரிலும் 30 மார்க் எம்சிக்யூ, பெரும்பாலும் இரண்டு மார்க் கேள்விகள். மூன்றை விட்டது ஆறு மார்க்குக்கான வாய்ப்பை விட்டது. உனக்குத் தேவைப்பட்டது நாலு. டாக்ஸில் மட்டும்தானா இப்படி, எல்லாப் பேப்பரிலுமா?

---

ரப்பர்ஷீட் | 5 நவம்பர், இரவு 9:05

எல்லாவற்றிலும் ஒன்றிரண்டு விட்டிருப்பேன் அக்கா. காஸ்டிங்கில் நாலு.

(இதை எழுதும்போது கை நடுங்குது.)

---

குலசேகரம் அம்மா | 5 நவம்பர், இரவு 9:30

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். நீங்கள் எல்லோரும் சொல்வதைப் பார்த்தால் ஒரே தடவையில் எல்லாப் பேப்பரும் எழுதணும் போல. அவள் ஃபவுண்டேஷனை இரண்டு இரண்டு பேப்பராக எழுத முடியுமா? பள்ளிப் பரீட்சையும் இருக்கிறது.

---

சுசீந்திரம் அக்கா | 5 நவம்பர், இரவு 9:41

முடியாது அம்மா. ஃபவுண்டேஷனில் குரூப் கிடையாது, நாலு பேப்பரும் ஒரே தடவையில்தான். பிளஸ் டூ முடிந்த பிறகு செப்டம்பரில் எழுதட்டும், பள்ளிப் பரீட்சையோடு மோத வேண்டாம். இதைத் தனி இழையாகப் போடுங்கள், விவரமாக எழுதுகிறேன்.

---

மணக்குடி | 6 நவம்பர், காலை 7:12

எக்ஸெம்ப்ஷன் காலாவதி ஆனால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு அது நடந்தது. லாவில் 64 வைத்திருந்தேன். கல்யாண வேலை, பிறகு உடம்பு சரியில்லை என்று இரண்டு அட்டெம்ப்ட் எழுதவே இல்லை. மூன்றாவதில் தோற்றேன். அதோடு முடிந்தது.

முடிந்த பிறகு நிரந்தர எக்ஸெம்ப்ஷன் கேட்கலாம் என்று ஒரு வழி இருக்கிறது, கேட்டேன். லா திரும்ப எழுத வேண்டாம். ஆனால் அந்தக் குரூப்பில் மீதி இருக்கும் ஒவ்வொரு பேப்பரிலும் 40 போதாது, 50 வேண்டும். தனித்தனியாக. போன மே மாசம் டாக்ஸ் 47 எடுத்தேன். சாதாரணமாக இருந்தால் பாஸ். எனக்கு ஃபெயில். லாவைத் திரும்ப எழுதியிருந்தால் நல்லதாக இருந்திருக்குமோ என்று இன்றைக்கும் முடிவு தெரியவில்லை. தம்பி, மூன்று அட்டெம்ப்ட் இருக்கிறதே என்று ஒன்றைக்கூட விட்டுவிடாதே.

---

தக்கலை பழைய ஆர்ட்டிக்கிள் | 6 நவம்பர், காலை 9:20

ஆர்ட்டிக்கிள்ஷிப் விதி மாறினது எனக்குத் தெரியாம போச்சு. ஜனவரியை விடுன்னு சொன்னதையும் எடுத்துக்கறேன். ஆனா ஒண்ணு, 64 நாளில அஞ்சு பேப்பர்னா மனசு ஒடிஞ்சு போகும் பிள்ளைக்கு. ரெண்டாவது குரூப்பை மட்டும் எழுதி, அஞ்சு மார்க் குறையை அடைச்சு ஒரு ஜெயத்தைப் பார்க்கட்டுமே? மே மாசம் முதல் குரூப்புக்கு 62-உம் நிக்குதே.

---

சுசீந்திரம் அக்கா | 6 நவம்பர், இரவு 9:15

அண்ணாச்சி சொல்வது நியாயமான வழி. அதை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் அது சரியா என்பது ஒரு சோதனையைப் பொறுத்தது. அதற்குமுன் நாளை எண்ணுவோம்.

ஜனவரி அட்டவணைப்படி முதல் குரூப் 6, 8, 10. இரண்டாம் குரூப் 12, 15, 17. அக்கவுண்ட்ஸ் உனக்கு இல்லை என்பதால் உன் முதல் பரீட்சை 8-ஆம் தேதி லா. நேற்று 5-ஆம் தேதியிலிருந்து எண்ணினால் அதற்கு முன் 64 நாள்.

போன முறை ஒரு பேப்பரை எடுத்தால் அதிலேயே மாசக்கணக்கில் கிடந்தாய். டாக்ஸ் ஜூனில் உள்ளே போய் ஆகஸ்டில் வெளியே போய்விட்டது. இந்த முறை எப்போதும் இரண்டு பேப்பர் கையில் இருக்கட்டும், ஒன்று கணக்கு, ஒன்று தியரி. டிசம்பர் 22 வரை 48 நாள். முதல் 24 நாள் டாக்ஸும் லாவும். அடுத்த 16 நாள் காஸ்டிங்கும் ஆடிட்டிங்கும். அடுத்த 8 நாள் எஃப்எம்மும் எஸ்எம்மும். டாக்ஸுக்கும் லாவுக்கும் பாதி நாளைக் கொடுத்துவிட்டோமே என்று பதறாதே, குறை அங்கேதான் இருக்கிறது. டிசம்பர் 23, 24, 25 வீட்டோடு இரு, கிறிஸ்துமஸ் ராத்திரி புத்தகம் திறந்து பிரயோஜனமில்லை. 26 முதல் ஜனவரி 7 வரை 13 நாள் திருப்புதல், அதுவும் தலைகீழாக: எஃப்எம்-எஸ்எம் 2 நாள், ஆடிட்டிங் 2, காஸ்டிங் 3, டாக்ஸ் 3, கடைசியாக லா 3. கடைசியில் படித்தது முதலில் எழுதப்படும்.

டாக்ஸுக்கு ஒரு எச்சரிக்கை. எந்த ஃபைனான்ஸ் ஆக்ட், எந்தத் தேதி வரையிலான ஜிஎஸ்டி மாற்றங்கள் உன் அட்டெம்ப்டுக்குப் பொருந்தும் என்பதை இன்ஸ்டிட்யூட்டின் போர்ட் ஆஃப் ஸ்டடீஸ் பக்கத்தில் பார்த்துவிட்டுத்தான் நோட்டைத் திற. அட்டெம்ப்டுக்கு அட்டெம்ப்ட் அது நகரும்.

இப்போது சோதனை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மதியம் 2 முதல் 5 வரை, இரண்டு வாரத்துக்கு முன் முடித்த பகுதியிலிருந்து மாக் டெஸ்ட் பேப்பர் கேள்விகளை எழுது. இந்த வாரம் படித்ததிலிருந்து எழுதாதே, அது எல்லோருக்கும் வரும். விடைத்தாளைப் பார்த்து நீயே திருத்து. 45 விழுக்காடு வந்தால் படித்தது தங்குகிறது. 35-க்குக் கீழே போனால் போன ஜூன் மாதிரியே கசிந்துகொண்டிருக்கிறது. நவம்பர் 30-ஆம் தேதி டாக்ஸ் சோதனையில் 35-க்குக் கீழே என்றால் அண்ணாச்சி சொன்னபடி இரண்டாம் குரூப்பில் முழுசாக இறங்கு. முதல் குரூப்புக்கும் ஹாலில் போய் உட்கார், ஆனால் டிசம்பரை அதற்குக் கொடுக்காதே. ஃபார்ம் மட்டும் இரண்டுக்கும் போட்டு வை.

---

ரப்பர்ஷீட் | 6 நவம்பர், இரவு 10:02

அக்கா, இரண்டு சந்தேகம். எஃப்எம்-எஸ்எம்மை டிசம்பர் 27-இல் முடித்துவிட்டு ஜனவரி 17-இல் எழுதினால் மூன்று வாரம் ஆகிவிடுமே? இரண்டாவது, மதியம் 2 முதல் 5 வரை எனக்குத் தூக்கம் வரும். காலையில் 4:30-க்கே எழுந்துவிடுவேன்.

---

சுசீந்திரம் அக்கா | 7 நவம்பர், காலை 6:20

முதல் சந்தேகம் சரியானது. இந்தத் திட்டத்தின் ஓட்டை அதுதான். 15-ஆம் தேதி ஆடிட்டிங் எழுதி வந்த பிறகு உனக்கு முழுசாக ஒரே ஒரு நாள், 16-ஆம் தேதி. அதனால் அந்த இரண்டு நாளில் பாடத்தைத் திரும்பப் படிப்பதைவிட, 16-ஆம் தேதிக்கான தாளைத் தயார் செய். எஃப்எம்முக்குச் சூத்திரம், ஒவ்வொரு வகைக் கணக்கிலும் நீ தப்பு செய்த ஒரு கணக்கு. எஸ்எம்முக்குத் தலைப்பும் உட்தலைப்பும் மட்டும். பத்துப் பக்கத்துக்குள். எல்லாப் பேப்பருக்கும் இதே அளவுகோல்தான்: எட்டாம் தேதி லா முடிந்து மாலை 5-க்கு வெளியே வருவாய், டாக்ஸுக்கு 9-ஆம் தேதி ஒன்றும் 10-ஆம் தேதி காலையும்தான். அந்த ஒன்றேகால் நாளில் புரட்டி முடிக்க முடியாத நோட்டு எவ்வளவு நல்ல நோட்டாக இருந்தாலும் உதவாது.

தூக்கம்: அதைத்தான் நான் எதிர்பார்த்தேன். பரீட்சை நடப்பதே அந்த மூன்று மணி நேரத்தில். எட்டு மாசம் அந்த நேரத்தில் தூங்கிப் பழகின உடம்பு அன்றைக்கு மட்டும் விழித்துக்கொள்ளாது. இன்றிலிருந்து 2 முதல் 5 வரை கணக்குப் பேப்பரை மட்டும், பேனாவோடு, எழுதிப் படி. வாசிக்காதே. தூங்கணும் என்றால் காலை ஷீட் அடித்துவிட்டு வந்து 9 மணிக்கு ஒரு அரை மணி நேரம் தூங்கிக்கொள்.

சென்டர் எங்கே போடப்போகிறாய்?

---

ரப்பர்ஷீட் | 7 நவம்பர், காலை 8:30

திருவனந்தபுரம். மார்த்தாண்டத்திலிருந்து பஸ். போன முறையும் அங்கேதான்.

---

குளச்சல்காற்று | 7 நவம்பர், காலை 8:44

அட்டவணையைப் பாத்தியா மக்கா, 15-ஆம் தேதி தைப்பொங்கல். ஆடிட்டிங் அன்னைக்குத்தான். நான் ஒரு குரூப்தான் போடறேன், முதல் குரூப். அக்கா சொன்ன கணக்கு எனக்கு ஒத்துவராது, என்கிட்ட 62 எதுவும் இல்லை, எல்லாம் முப்பதுகள்தான்.

---

சுசீந்திரம் அக்கா | 7 நவம்பர், காலை 9:00

உன் நிலைமையில் ஒரு குரூப் சரிதான் தம்பி. மூன்று பேப்பருக்கும் போய் உட்கார், அது போதும்.

---

ரப்பர்ஷீட் | 1 டிசம்பர், இரவு 9:25

இரண்டுக்கும் ஃபார்ம் போட்டிருந்தேன். நேற்று ஞாயிறு, அக்கா சொன்ன அந்த டாக்ஸ் சோதனை. நவம்பர் முதல் இரண்டு வாரத்தில் படித்த பகுதியிலிருந்து மூன்று மணி நேரம் எழுதினேன். வெளியே நல்ல மழை, கரண்ட் போய்ப் போய் வந்தது. திருத்தினபோது நூற்றுக்கு 41 வந்தது. எம்சிக்யூ ஒன்றும் விடவில்லை, சந்தேகமான நாலில் இரண்டு சரி. ஜிஎஸ்டியில் இன்புட் கிரெடிட்டை எந்த வரிசையில் கழிக்கணும் என்பதில் முதலில் ஐஜிஎஸ்டியைத் தீர்க்காமல் சிஜிஎஸ்டிக்குப் போய்விட்டேன், அதில் மட்டும் 5 மார்க் போச்சு.

41 என்பது 35-க்கும் 45-க்கும் நடுவில் நிற்கிறது. அக்கா, இப்போது எந்தப் பக்கம்?

---

சுசீந்திரம் அக்கா | 1 டிசம்பர், இரவு 10:10

கசியவில்லை, ஆனால் நிறையவும் இல்லை. அந்த 5 மார்க் தெரியாததால் போகவில்லை, வரிசை மாறியதால் போனது. அதை நாளைக் காலையில் ஐந்து சின்னக் கணக்கு போட்டால் சரிசெய்துவிடலாம். நான் உன் இடத்தில் இருந்தால் இரண்டையும் தொடர்வேன். காஸ்டிங் தொடங்கிவிட்டாயல்லவா? வரும் இரண்டு வாரமும் மாலையில் முக்கால் மணி நேரம் ஜிஎஸ்டி மட்டும் கையில் இருக்கட்டும். டிசம்பர் 14-ஆம் தேதி ஞாயிறு டாக்ஸ் திரும்ப எழுது, மார்க்கை இங்கே போடு.

---

தக்கலை பழைய ஆர்ட்டிக்கிள் | 1 டிசம்பர், இரவு 10:32

நான் இன்னும் ரெண்டாவது குரூப் மட்டும்தான் சொல்லுவேன். 41-ஐ நம்பி அஞ்சு பேப்பர்ல இறங்கறது எனக்கு மனசு ஒப்பலை. ஆனா எழுதப்போறது நீ. பொங்கல் அன்னைக்கு மத்தியானம் பஸ் எப்படி ஓடும்னு இப்பவே விசாரிச்சு வை தம்பி. முடிஞ்சா 14-ஆம் தேதி ராத்திரியே திருவனந்தபுரம் போயிரு. அங்க என் அத்தான் வீடு இருக்கு, தனிச்செய்தியில முகவரி அனுப்புறேன்.